காஜாங் வயர்மேன் எழுதும் மின்னஞ்சல்

காஜாங்கில் குடியிருக்கும் ஒரு வயர்மேன், வேலை கேட்டு ஒரு குத்தகை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் பி.டபிள்யூ. 4 சான்றிதழ் இருக்கிறது. ஒன்பது ஆண்டு அனுபவமும் இருக்கிறது. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. கொத்தனார், தச்சர், குழாய் வேலை செய்பவர் எல்லாரும் இதைக் கேட்கலாம். இருந்தாலும் வயர்மேனையே எடுத்துக்கொள்கிறேன். கட்டுமானத் தளத்தில் அவர் கையொப்பத்துக்குச் சட்டப்படி ஒரு மதிப்பு உண்டு. விண்ணப்பத்தில் பலரும் எழுதாமல் விடுவது அதைத்தான்.

முதலில் யாருக்கு எழுதுவது? செமினி, பாங்கி பக்கம் வீடுகள் எழும்பும் இடங்களின் வாசலில் திட்டப் பலகை நிற்கும். அதில் பளிச்சென்று தெரிவது முதன்மைக் குத்தகையாளர் பெயர். பலரும் அதைக் குறித்துக்கொண்டு போய் அங்கேயே எழுதுகிறார்கள். ஆனால் முதன்மைக் குத்தகையாளர் வயர்மேனை நேரடியாக வேலைக்கு எடுப்பது குறைவு. மின் வேலையை அவர் ஒரு துணைக் குத்தகையாளரிடம் கொடுத்துவிடுவார். மின் குத்தகையாளர் எரிசக்தி ஆணையத்தில், அதாவது சுருஹான்ஜாயா தெனாகாவில், பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவுக்குத் தகுதிச் சான்று பெற்ற ஆள் அவரிடம் இருக்க வேண்டும். பி.டபிள்யூ. 4 தேவைப்படுகிறவர் அவர்தான். அவர் பெயர் பலகையில் இல்லையென்றால் தள அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

துணைக் குத்தகையாளர் அலுவலகத்தில் மின்னஞ்சலைத் திறப்பவர் பெரும்பாலும் ஒரு குமாஸ்தா. ஒரு நாளைக்கு வரும் விலைப்பட்டியல்களுக்கும் பில்களுக்கும் நடுவில்தான் உங்கள் கடிதமும் கிடக்கும். ஆகவே பொருள் வரியில் 'வேலை விண்ணப்பம்' என்று மட்டும் போட்டால் அது கண்ணில் படாமலே போகும். மலாயிலேயே எழுதலாம்: 'வயர்மேன் பி.டபிள்யூ. 4, காஜாங், போலே முலா 3 மாச்'. தொழில், சான்று, ஊர், வேலைக்கு வரக்கூடிய தேதி, இந்த நான்கும் இருந்தால் திறக்காமலே விஷயம் புரிந்துவிடும்.

உள்ளே முதல் வரியிலேயே சான்றுகளைச் சொல்லுங்கள். பி.டபிள்யூ. 2 ஒருமுனை மின்சார வேலைக்கு, பி.டபிள்யூ. 4 மும்முனை வேலைக்கு. எது உங்களுடையது என்று துல்லியமாக எழுதவேண்டும். 'வயர்மேன் லைசென்ஸ் இருக்கிறது' என்றால் போதாது. வயரிங் முடிந்ததும் மேற்பார்வை, நிறைவுக்கான போரங் ஜி, சோதனைக்கான போரங் எச் ஆகிய இரண்டு படிவங்களிலும் தகுதி பெற்றவர் கையொப்பமிட்டாக வேண்டும். அவை போனால்தான் தெனாகா நேஷனல் மின்சாரம் கொடுக்கும். 'போரங் எச் சோதனைகளை நானே செய்து கையொப்பமிட்டிருக்கிறேன்' என்ற ஒரு வாக்கியம், 'கடினமாக உழைப்பேன்' என்று எழுதும் ஒரு முழுப் பத்தியை விடக் கனமானது.

அதோடு சி.ஐ.டி.பி. அட்டை. பச்சை அட்டை என்று நாம் சொல்வது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 520-இன்படி, கட்டுமானத் தொழிலாளர் சி.ஐ.டி.பி.யில் பதிந்திருக்க வேண்டும். அட்டை செல்லுபடியாகும் தேதியைக் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள். குமாஸ்தா அடுத்துத் தேடப்போவது அதைத்தான்.

இனி அனுபவம். 'எல்லா வகை மின் வேலையும் தெரியும்' என்று எழுதுபவரைக் குத்தகையாளர் நம்புவதில்லை. நம் வயர்மேன் இப்படி எழுதட்டும்: 'கடைசியாகச் செமினியில் 40 இரட்டை மாடி வீடுகளில் வேலை செய்தேன். மூன்று பேர் கொண்ட குழு. பூச்சுக்கு முன் குழாய் பதித்தது, வயர் இழுத்தது, டிபி பெட்டி கட்டியது எங்கள் வேலை. 500 வோல்ட் கருவியால் காப்புச் சோதனையும் ஆர்.சி.சி.பி. சோதனையும் நான் செய்தேன்.' இவ்வளவுதான். எந்த இடம், எத்தனை வீடு, எத்தனை பேர், அதில் தன் கை எங்கே பட்டது என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. தொழில் தெரிந்தவர் படித்தால் உடனே ஒரு கேள்வி கேட்பார்: காப்புச் சோதனையில் எத்தனை வந்தால் தேறும்? 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது என்று யோசிக்காமல் பதில் சொல்ல முடியாதவர் அந்த வரியை எழுதாமல் இருப்பதே நல்லது.

இரண்டு வேலைகளை இப்படி விவரித்தால் போதும். பத்து வேண்டாம். ஒரு மேற்பார்வையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுங்கள், அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. கேட்காமல் கொடுத்தால், அழைப்பு வரும்போது அவர் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் உங்கள் கணக்கில்தான் விழும்.

சொந்தமாக என்ன கருவி இருக்கிறது, மோட்டார் சைக்கிளா வேனா என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். வேலைத்தளம் கோலாலம்பூர் நடுவில் என்றால், காஜாங்கிலிருந்து எம்.ஆர்.டி. 2017 ஜூலை முதல் நேராக ஓடுகிறது. வர முடியும் என்று சொல்லிவிடலாம். சம்பளத் தொகையை முதல் கடிதத்திலேயே போட வேண்டுமா என்று கேட்பார்கள். தொகை வேண்டாம். நாள் சம்பளமா, இ.பி.எப். சொக்சோவோடு மாதச் சம்பளமா, போரோங்கா என்பதை மட்டும் சொன்னால் போதும். இதைச் சொல்லாமல் விட்டுப் பின்னால் சண்டை போட்டவர்கள் நிறைய.

இணைப்புகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். இருட்டில் எடுத்த, தலைகீழான பத்துப் படங்கள் வந்து விழுந்தால் யார் திறப்பார்கள்? சான்றிதழ், அட்டையின் இரு பக்கம், ஒரு பக்க வேலை விவரம் ஆகியவற்றைக் கைத்தொலைபேசி ஸ்கேன் செயலியால் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, கோப்புக்கு உங்கள் பெயரையும் தொழிலையும் வையுங்கள். மூடி போடுவதற்கு முன் எடுத்த டிபி பெட்டியின் படம் ஒன்று இருந்தால் அதையும் சேருங்கள். வயர்கள் ஒழுங்காக மடங்கி, எண் ஒட்டி நிற்பதைப் பார்த்தாலே தெரிந்தவருக்கு உங்கள் கை தெரிந்துவிடும். வீட்டு எண் மட்டும் படத்தில் விழவேண்டாம்.

இங்கே நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அந்தச் சான்றிதழை அப்படியே அனுப்பாதீர்கள். நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் 'வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று மலாயில் எழுதி, நிறுவனத்தின் பெயரையும் தேதியையும் போடுங்கள். அடையாள அட்டை நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் முதல் கடிதத்தில் தேவையே இல்லை. வேலை உறுதியான பிறகு கொடுக்கலாம். காரணம் இருக்கிறது. ஆளை வேலைக்கு எடுக்காமல், சான்றிதழை மட்டும் வாடகைக்குக் கேட்பவர்கள் உண்டு. மாதம் சில நூறு வெள்ளி தருகிறேன், சும்மா இருங்கள் என்பார்கள். நீங்கள் பார்க்காத வீட்டில் யாரோ இழுத்த வயருக்கு, போரங் எச்சில் உங்கள் பெயர் இருக்கும். அங்கே ஒரு விபத்து நடந்தால் அதிகாரிகள் தேடி வருவது உங்களைத்தான். பதிலில் 'வேலைக்கு வரத் தேவையில்லை, சான்றிதழ் போதும்' என்று வந்தால் மறுத்துவிடுங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்டாலும் அப்படியே.

மூன்று, நான்கு நாளில் பதில் இல்லையென்றால் அலுவலகத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசுங்கள். தளத்தில் வேலை பரபரப்பாக ஓடும் காலை வேளையைத் தவிர்த்து, மதிய உணவுக்குப் பிறகு அழைப்பது நல்லது. அதற்கெல்லாம் முன்னால், இன்றிரவே உங்கள் பச்சை அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதியாகி இருந்தால் முதலில் புதுப்பியுங்கள், பிறகு கடிதத்தை அனுப்புங்கள்.