தகப்பனாரின் சொக்சோ பணமும் வயது வந்த மகளும்



குடும்பத் தலைவர் வேலையில் இருக்கும்போதே காலமாகிவிட்டால் சொக்சோவிலிருந்து மாதாமாதம் பணம் வரும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். இன்று பெர்கேசோ என்று அழைக்கப்படும் அந்த நிறுவனத்தின் திட்டம் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971இல் தொடங்கப்பட்டது. அந்தப் பணத்தில் மனைவிக்குப் பங்கு உண்டு, சிறு பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. வளர்ந்த மகளுக்கு உண்டா? இந்தக் கேள்விக்குத்தான் லயத்துக்கு ஒரு பதில், கடைக்கு ஒரு பதில் என்று பல பதில்கள் உலவுகின்றன. "கல்யாணமாகாத பெண்ணுக்கு ஆயுள் முழுவதும் கிடைக்கும்" என்கிறார் ஒருவர். "21 வயது முடிந்தால் எந்தப் பிள்ளைக்கும் ஒரு காசும் இல்லை" என்கிறார் மற்றொருவர். இரண்டுமே தவறு. இரண்டாவது பேச்சை நம்பி மனுவே கொடுக்காமல் இருந்துவிட்டால், கிடைக்க வேண்டிய பணம் ஒரு பெண்ணுக்குக் கிடைக்காமலே போய்விடும்.

முதல் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கடிதத்திலும் தொலைபேசியிலும் வந்த செய்தி. அங்கே மத்திய அரசு ஊழியர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் உண்டு. விதவையான மகளும் விவாகரத்தான மகளும் 25 வயதுக்குப் பிறகும் அதைப் பெறலாம் என்று 2004இல் உத்தரவு வந்தது. மணமாகாத மகளுக்கும் அந்த உரிமை 2007இல் கிடைத்தது. ஆனால் அங்கும் நிபந்தனை உண்டு. அவளுடைய சொந்த வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். மறுபடி மணம் செய்துகொண்டால் பணம் நின்றுவிடும். இது இந்திய அரசு ஊழியர்களுக்கான விதி. நம் ஊர்ப் பால்மரத் தொழிலாளிக்கும் செம்பனைத் தொழிலாளிக்கும் இது பொருந்தாது. நமக்குச் சொக்சோ சட்டம்தான்.

சொக்சோ சட்டம் மகளைப் பற்றி என்ன சொல்கிறது? மூன்று படிகளாக வைத்துக்கொண்டால் மறக்காது.

முதல் படி வயதும் திருமணமும். மகளுக்கு 21 வயது ஆகும் வரை, அல்லது அவளுக்குத் திருமணம் ஆகும் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை பங்கு உண்டு. பத்தொன்பது வயதில் மணமாகிவிட்டால் பத்தொன்பதிலேயே பங்கு நின்றுவிடும். 21 வயதுக்குப் பிறகு, மணமாகவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் தொடராது. 25 வயதில் வீட்டோடு இருக்கும் பெண்ணானாலும் அப்படித்தான்.

இரண்டாம் படி படிப்பு. 21 வயதைத் தாண்டியும் உயர்கல்விக் கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கு, அவள் தன் முதல் பட்டத்தை முடிக்கும் வரை பங்கு தொடரும். முதல் பட்டம் என்பதைக் கவனியுங்கள். அதற்கு மேற்பட்ட படிப்புக்கு இது கிடையாது. இடையில் படிப்பை நிறுத்தினாலும், மணம் செய்துகொண்டாலும் பணம் நின்றுவிடும்.

மூன்றாம் படிதான் நம்மில் பலர் அறியாதது. உடலாலோ மனவளர்ச்சியாலோ குறைபாடு உள்ளவளாக இருந்து, அதனால் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத மகளுக்கு 21 என்ற வயது வரம்பு இல்லை. அந்த நிலை இருக்கும் வரை, ஆயுள் முழுவதும்கூட, அவளுக்குப் பங்கு உண்டு. முப்பது வயதானாலும் ஐம்பது வயதானாலும் அவள் சட்டத்தின் பார்வையில் தகப்பனை நம்பியிருந்த பிள்ளைதான்.

இங்கே இரண்டு சொற்களைச் சேர்த்தே படிக்க வேண்டும். குறைபாடு இருந்தால் மட்டும் போதாது. அதனால் சொந்தமாகப் பிழைக்க முடியாத நிலையும் இருக்க வேண்டும். ஒரு கால் ஊனமுற்ற பெண் ஈப்போவில் தையல் கடை வைத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டால், அவளுக்கு இந்த வழி திறக்காது. இந்தியாவில் இருப்பதுபோல் இத்தனை ரிங்கிட்டுக்குள் வருமானம் இருக்க வேண்டும் என்ற கணக்கு இங்கே வைக்கப்படவில்லை. அவளால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியுமா, முடியாதா என்பதே கேள்வி. அதற்கு மருத்துவ அறிக்கைதான் பதில் சொல்லும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நானே அமைத்த குடும்பம்.

சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவர், வயது 52, ஓர் இரவு வீட்டில் மாரடைப்பால் இறந்துவிடுகிறார். மனைவி இருக்கிறார். மூன்று பெண்கள். மூத்தவளுக்கு 28 வயது. பிறவியிலேயே மூளை வாதம், பிறர் கை இல்லாமல் எழுந்து உட்காரவும் முடியாது. நடுப்பெண்ணுக்கு 25 வயது. மணமாகவில்லை, ஈப்போவில் துணிக்கடையில் வேலை. கடைசிப் பெண்ணுக்கு 19 வயது. பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிக்கிறாள்.

இறப்பு வேலையால் வந்ததல்ல. ஆகவே இந்தக் குடும்பம் கேட்க வேண்டியது மலாயில் பென்சென் பெனாகாட் என்று சொல்லப்படும் வாரிசு ஓய்வூதியம். அதற்குத் தகப்பனார் 60 வயதுக்குள் இறந்திருக்க வேண்டும். சந்தாவும் போதுமான அளவு கட்டப்பட்டிருக்க வேண்டும். இறப்பதற்கு முந்திய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதச் சந்தா இருந்தால் முழுத் தகுதி உண்டு. அது இல்லாவிட்டால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை மாதங்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். நம் குடும்பத்தில் தகப்பனார் பெயரில் விட்டுப்போகாமல் 144 மாதச் சந்தா இருக்கிறது. ஆகவே முழுத் தகுதி.

இனித் தொகை. சராசரிச் சம்பளத்தில் பாதி, அதாவது நூற்றுக்கு 50, அடிப்படை. முதல் 24 மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு 12 மாதச் சந்தாவுக்கும் நூற்றுக்கு 1 கூடும். 65க்கு மேல் போகாது. இவருக்கு 144இல் 24 போக 120 மாதம். அதில் பத்துப் பன்னிரண்டுகள். ஆகவே நூற்றுக்கு 60. சராசரிச் சம்பளம் 1,600 ரிங்கிட் என்றால் ஓய்வூதியம் மாதம் 960 ரிங்கிட்.

இதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு. அது 576 ரிங்கிட். ஐந்தில் இரண்டு பங்கு தகுதியுள்ள பிள்ளைகளுக்கு. அது 384 ரிங்கிட். நடுப்பெண்ணுக்கு 21 தாண்டிவிட்டது, படிப்பும் இல்லை, குறைபாடும் இல்லை. மணமாகாதவள் என்றாலும் பங்கு இல்லை. மீதி இருவருக்கும் ஆளுக்கு 192 ரிங்கிட். கடைசிப் பெண் பட்டம் பெறும் நாளில், 21 வயதைத் தாண்டியிருந்தால், அவள் பங்கு நின்றுவிடும். மூத்தவளின் உரிமை தொடரும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. மூத்தவளுக்கு வருவது தாயின் பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதல்ல. அது அவளுடைய சொந்த உரிமை. தாயும் ஒருநாள் கண் மூடினால் எல்லாம் முடிந்தது என்று உறவினர்கள் நினைத்துவிடக் கூடாது. அன்று அவளைப் பார்த்துக்கொள்ளும் தங்கையோ சித்தியோ உடனே சொக்சோ அலுவலகத்துக்குத் தெரிவித்து, அவள் பங்கு தடைப்படாமல் வர வழி செய்ய வேண்டும்.

தகப்பனார் வேலையில் அடிபட்டு இறந்தால், அல்லது வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தால், அது வேறு கணக்கு. அதற்கு இத்தனை மாதச் சந்தா இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தொகையும் கூடுதல், சம்பளத்தில் நூற்றுக்கு 90. மகளுக்கான மூன்று படிகள் அங்கும் அவையேதான். ஆகவே மனு கொடுக்கும்போது இறப்பு எப்படி நேர்ந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். விபத்து என்றால் போலீஸ் புகாரின் நகலைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எங்கே தவறு நடக்கிறது என்று பார்ப்போம். பேராவில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல கைமாறின. தோட்டத்தின் பெயரில் இருந்த பலர் குத்தகைக்காரரிடம் வேலைக்குப் போனார்கள். வேலை அதே வேலை, ஆனால் சந்தா கட்டப்படாமல் போகலாம். இது வீட்டில் தெரியவருவது சாவு விழுந்த பிறகுதான். ஆகவே மாதச் சம்பள ரசீதில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் இருந்தாலும் அது போய்ச் சேர்ந்ததா என்பதை ஈப்போவிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கட்டவில்லை என்றால் அங்கேயே புகார் கொடுங்கள். சந்தா கட்ட வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை.

இரண்டாவது தவறு பத்திரத்தில். மகளின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயர் இருக்க வேண்டும். அது அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட திருமணம் போதாது. முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைப் பதிவு செய்யும் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் மனைவியின் பங்குக்கே சிக்கல் வரும்.

மூன்றாவது தவறு, குறைபாடுள்ள மகளை எந்தப் பதிவேட்டிலும் காட்டாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது. தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே அவளை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப்போய் அவள் நிலையை எழுதி வாங்குங்கள். சமூகநல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை எடுங்கள். அட்டை மட்டுமே பணத்தை வாங்கித் தராது. ஆனால் பிள்ளைப் பருவம் முதல் இருந்துவந்த குறை இது என்று காட்ட, அந்தப் பழைய தாள்களைப்போல் உதவுவது வேறொன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. பணம் வாங்கிக்கொண்டிருக்கும் மகளுக்குத் திருமணம் நடந்தால் அதை மறைக்காதீர்கள். தகுதி போன பிறகு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

மனு கொடுக்கப் போகும்போது இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், வங்கிக் கணக்குப் புத்தகம் இவற்றை எடுத்துச் செல்லுங்கள். படிக்கும் மகளுக்குக் கல்விக்கூடத்தின் கடிதம், குறைபாடுள்ள மகளுக்கு மருத்துவ அறிக்கை. எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் சொல்லுங்கள். 21 தாண்டிவிட்டாள் என்று நீங்களே ஒருத்தியின் பெயரை அடித்துவிடாதீர்கள். தகுதி உண்டா இல்லையா என்பதை அலுவலகம் எழுத்தில் சொல்லட்டும்.