சிரம்பானில் வாங்கிய விவாகரத்து ஊரில் செல்லுமா?



நீலாய்த் தோட்டம் ஒன்றில் பெர்மிட்டில் வேலை பார்ப்பவர், புதுக்கோட்டையில் இந்து முறைப்படி மணம் முடித்தவர், மனைவி ஊரிலேயே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிரம்பான் உயர் நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு அவர் ஊர் திரும்பினால் அந்த ஆணை அங்கே செல்லுமா? பெரும்பாலும் செல்லாது.

முதல் தடை இங்கேயே இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, மனுப் போடும் நாளில் தம்பதியரின் நிரந்தர வாழிடம் மலேசியாவாக இருக்க வேண்டும் என்கிறது. பெர்மிட் முடிந்ததும் ஊர் திரும்பும் எண்ணத்தில் இருப்பவருக்கு, எத்தனை வருடம் இங்கே உழைத்திருந்தாலும் அந்த வாழிடம் அமைவது கடினம்.

சரி, ஒருவர் பி.ஆர். பெற்று இங்கேயே தங்கிவிட்டார், ஆணையும் கிடைத்துவிட்டது. இப்போது வெளிநாட்டுத் தீர்ப்புகள் பற்றிய, இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு குறுக்கே வரும். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பே சான்று. திருப்பதியில் 1975இல் நடந்த திருமணம் அது. கணவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், அங்கே தேவையான 90 நாள் குடியிருப்பைக் காட்டி, 1980இல் விவாகரத்து வாங்கினார். மனைவி அந்த நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஆட்சேபணையை மட்டும் எழுதி அனுப்பினார். கணவர் 1981இல் மறுமணம் செய்ய, முதல் மனைவி இருதார வழக்குத் தொடுத்தார். ஆணையை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. திருமணம் எந்தச் சட்டப்படி நடந்ததோ, அதிகார வரம்பும் காரணமும் அந்தச் சட்டத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்றது. மிசூரி ஆணைக்கு அடிப்படையான, மீட்க முடியாதபடி மணவாழ்க்கை முறிந்துவிட்டது என்ற காரணம் இந்து திருமணச் சட்டத்தில் இல்லை. போதாக்குறைக்கு, கணவர் தாக்கல் செய்தது ஆணையின் வெறும் ஜெராக்ஸ். சான்றிட்ட நகல்கூட இல்லை.

மலேசியச் சட்டமும் மணவாழ்க்கை முறிவையே காரணமாகக் கொள்கிறது. இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்ததை அதற்குச் சான்றாக ஏற்கிறது. ஆகவே மிசூரிக்காரருக்கு நேர்ந்தது நம்மவருக்கும் நேரும். ஆனாலும் அத்தீர்ப்பு சில வாசல்களைத் திறந்தே வைத்திருக்கிறது: எதிர்த்தரப்பு மனைவி மலேசியாவிலேயே நிலையாக வசித்து, இந்து திருமணச் சட்டம் ஏற்கும் காரணமும் இருந்தால் செல்லும். அவர் விரும்பி வந்து, அப்படிப்பட்ட காரணத்தின் மீது வழக்காடியிருந்தாலோ, விவாகரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தாலோ செல்லும். சம்மன் கையில் கிடைத்தது மட்டும் ஒப்புதல் ஆகாது.

மலேசியாவும் இந்தியாவும் ஒன்றின் தீர்ப்பை ஒன்று நிறைவேற்றும் நாடுகள்தானே என்பார்கள் சிலர். அதற்கு வழிசெய்யும், அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு பணம் வசூலிக்கும் ஆணைகளுக்கானது, மணவிலக்குக்கு உதவாது.

மனைவியும் சம்மதித்தால், ஊர்க் குடும்பநல நீதிமன்றத்தில் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனுக் கொடுங்கள். ஏற்கெனவே ஆணை கையில் இருந்தால், சான்றிட்ட நகலோடு அங்கே விளம்புகை கேளுங்கள். அது கிடைக்கும்வரை மறுமணப் பேச்சை எடுக்காதீர்கள். இருதார மணத்துக்கு இந்தியாவில் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு.