நான்கு பாட்டில் தண்ணீரும் ஒரு சோப்பும்

(கண்டாச்சிபுரத்தில் ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அறிவியல் கண்காட்சி அறிவிப்பு வந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மிடம் ஓடி வந்து, "சார், நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பார்கள். நாமும் தெர்மாகோலில் எரிமலை செய், சூரியக் குடும்பம் செய் என்று சொல்லிவிடுவோம். அவை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் செய்து முடித்த பிள்ளைக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டு, விடை முன்கூட்டியே தெரியாத ஒரு கேள்வியைப் பதினொரு வயதுப் பிள்ளை எப்படிச் சோதிக்கலாம் என்பதற்கு ஒரே ஒரு செயல்திட்டத்தை மட்டும் இன்று முழுதாகச் சொல்கிறேன்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள் சொன்னாள்: "சார், எங்க வீட்டு போர் தண்ணியில பருப்பு வேகாது. அம்மா பருப்புக்கு மட்டும் கிணத்துத் தண்ணி எடுத்துட்டு வரச் சொல்லும்." நம் பகுதி பாறைப் பாங்கானது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது பாறையிலும் சுக்கானிலும் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளையும் கரைத்துக்கொள்கிறது. அதுதான் கடினநீர். கால்சியம் பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுவதால் பருப்பு குழைவதில்லை. எந்தத் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று ஒப்பிட, ஒரு குளியல் சோப்பும் நான்கு ஒரே மாதிரியான சின்ன பாட்டில்களும் போதும்.

முதல் முறை செய்தபோது தவறு என்னுடையது. சோப்பைத் துருவும் வேலை எதற்கு என்று பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தச் சொன்னேன். மழைநீர், கிணற்று நீர், போர் தண்ணீர் எல்லாமே ஒரே மாதிரி நுரைத்தன. "எல்லாத் தண்ணியும் ஒண்ணுதான் சார்" என்று பிள்ளை நோட்டில் எழுதிவிட்டாள். சலவைத்தூளும் ஷாம்பும் பாத்திரம் கழுவும் திரவமும் சோப்பு அல்ல. அவை கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் திரிவதில்லை. கொழுப்பிலிருந்து செய்த உண்மையான சோப்புதான் கால்சியத்தோடு சேர்ந்து சாம்பல் நிறத் திரிதிரியான படிவாக மாறும். கால்சியம் முழுவதும் அப்படித் தீர்ந்த பிறகே நுரை நிற்கும். ஆகவே உறையில் 'டாய்லெட் சோப்' என்றும், டி.எஃப்.எம். எழுபதுக்கு மேல் என்றும் அச்சிட்ட சோப்பாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். 'பாத்திங் பார்' என்றிருந்தால் அதில் செயற்கைச் சலவைப்பொருள் கலந்திருக்கலாம்.

இனி செய்முறை. சோப்பைத் துருவி ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ 2 கிராம், எடுத்து 100 மில்லி வெதுவெதுப்பான மழைநீரில் கரைக்க வேண்டும். மழைநீர் இல்லாவிட்டால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கலாம். அதே மாதிரி கேனில் ஆசிடும் விற்பார்கள் என்பதால் அதைப் பெரியவர்தான் பார்த்து வாங்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் கரைசலே திரிந்துபோகும். காலைக் குளிரில் கரைசல் கூழ்போல் உறைந்தால், பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் இளகிவிடும்.

பாட்டில் ஒவ்வொன்றிலும் 20 மில்லி தண்ணீர் அளந்து ஊற்றவும். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சால் சோப்புக் கரைசலை அரை மில்லி விட்டு, மூடி, பத்து முறை குலுக்கவும். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நுரை அடங்கிவிட்டால் இன்னும் அரை மில்லி விட்டு மறுபடி குலுக்கவும். விரல் அகலத்துக்கு நுரை ஒரு நிமிடம் அடங்காமல் நின்றால் நிறுத்திக்கொண்டு, மொத்தம் எத்தனை மில்லி போயிற்று என்று எழுத வேண்டும். தோழி ஒருத்தி பாட்டில்களுக்கு எண் மட்டும் ஒட்டி, எது எந்தத் தண்ணீர் என்பதை மறைத்து வைத்தால் நல்லது. இல்லாவிட்டால் "போர் தண்ணிதானே" என்று கை தானாகவே மெதுவாகக் குலுக்கும். ஒவ்வொரு தண்ணீரையும் மூன்று முறை சோதிக்க வேண்டும்.

அந்த மாணவிக்கு மழைநீரில் 0.5 மில்லியிலேயே நுரை நின்றது. கிணற்று நீருக்கு 2 மில்லி. போர் தண்ணீருக்கு 4, 4, 4.5. இங்கே ஒரு கணக்கு உண்டு. கால்சியமே இல்லாத தண்ணீர் நுரைக்கவும் 0.5 மில்லி வேண்டியிருக்கிறது அல்லவா? அதைக் கழிக்க வேண்டும். கழித்தால் கிணற்று நீருக்கு 1.5, போர் தண்ணீருக்கு 3.5. ஆக, போர் தண்ணீரின் கடினத்தன்மை கிணற்று நீரைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கழிக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் அவளையே கண்டுபிடிக்க விட்டேன். இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் அதன் பிறகு மழைநீர் பாட்டில் எதற்கு என்று யார் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது.

நான்காவது பாட்டில், கொதிக்கவைத்து ஆறவைத்த போர் தண்ணீர். பத்து நிமிடம் கொதித்தால் பைகார்பனேட்டாக இருக்கும் கால்சியம், கார்பனேட்டாக அடியில் வெள்ளையாகப் படியும். வெந்நீர் அண்டாவில் படிவதும் அதுதான். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்கும். இதில் ஒரு சிக்கல் வரும். கொதிக்கும்போது தண்ணீர் வற்றுவதால் மிச்சமுள்ள உப்பு செறிந்துவிடும். அதனால் ஆறிய பின் மழைநீர் சேர்த்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, கலக்கி, தெளியவிட்டு, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். அவளுக்கு இது 2.5 மில்லி, கழித்தால் 2. அதாவது மொத்தம் 3.5இல் 1.5 மட்டும் கொதித்ததில் போனது. அது தற்காலிகக் கடினத்தன்மை. மீதி நிரந்தரக் கடினத்தன்மை, கொதிக்கவைத்தாலும் போகாது. பாடநூலில் இரண்டு வரையறைகளாக இருப்பது இங்கே இரண்டு எண்களாக வந்துவிட்டது.

இந்தச் சோதனை எதைச் சொல்லாது என்பதையும் அட்டையில் எழுதச் செய்யுங்கள். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர அமைவனம். சோப்பு மில்லிக் கணக்கை அந்த எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. தண்ணீர் குடிக்க நல்லதா என்றும் இது காட்டாது. கிருமி இருந்தாலும் நுரை நிற்கும். ஊரில் கரிக்கும் தண்ணீரையும் கடினநீரையும் சேர்த்தே 'உப்புத் தண்ணி' என்கிறோம். மழைநீரில் ஒரு சிட்டிகை தூள் உப்பு போட்டுச் சோதித்தால் சோப்புச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை. கல் உப்பில் மெக்னீசியம் ஒட்டியிருக்கும் என்பதால் அது இதற்குச் சரிவராது.

கண்காட்சியில் நடுவர் அவளைக் கேட்டார்: "அப்போ போர் தண்ணியைக் கொதிக்கவெச்சு பருப்பு போட்டா வெந்துடுமாம்மா?"

"கிணத்துத் தண்ணிக்கு 1.5, கொதிக்கவெச்ச போர் தண்ணிக்கு 2 சார். கிட்டத்தட்ட வந்துடுச்சு. ஆனா பருப்பு போட்டு நான் இன்னும் பார்க்கலை. பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்றாள்.

பரிசு வேறொரு எரிமலைக்குப் போனது. அடுத்த திங்கட்கிழமை அவள் நோட்டில் ஒரு புதிய அட்டவணை இருந்தது: துவரம்பருப்பு, மூன்று தண்ணீர், எத்தனை நிமிடம்.