டியூசனுக்கு என்ன பேர் வைக்கலாம்?



எங்க தெரு டியூசனுக்கு மூணு தடவை பேர் மாத்தினோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். உங்க தெருவில் ஆரம்பிக்க நினைத்தால் நாங்க பட்டதை நீங்க பட வேண்டாம்.

கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது உங்களுக்குத் தெரியும். ஒண்ணாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்கு, சாயங்காலம், வீட்டுக்குப் பக்கத்திலேயே தன்னார்வலர் சொல்லிக்கொடுத்தார். அப்போது மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. பத்தாவது படித்த நான் தன்னார்வலராக முடியவில்லை; பன்னிரண்டாவது வேண்டியிருந்தது. அதனால் எங்க வீட்டுத் திண்ணையைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பட்டதாரிப் பொண்ணு பாடம் எடுத்தது.

அந்தப் பேரை யாரும் யாருக்கும் விளக்கவே இல்லை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலத்துக்குப் பிறகு படிப்பு நம்ம வீட்டைத் தேடி வருதுன்னு பேரே சொல்லிவிட்டது. நடவுக்குப் போய்த் திரும்பும் ஆயாவுக்கும் புரிந்தது. பிள்ளைகள் ‘இல்லம் தேடிக்குப் போறேன்’ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

அந்தப் பொண்ணு கல்யாணமாகிப் போனதும் வகுப்பு நின்றது. எங்க குழு உறுப்பினர் ஒருவரின் மகள் பி.எஸ்சி. முடித்திருந்தாள். பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய் என்று பேசி மறுபடி ஆரம்பித்தோம். அங்கேதான் தப்பு செய்தோம். பழைய பேர்ப்பலகையை எடுக்கவில்லை. முதல் மாதம் பணம் கேட்டதும், ‘கவர்மென்ட் வகுப்புக்கு ஏன் காசு? நடுவுல நீங்க எடுத்துக்கிறீங்களா?’ என்று ஒரு அம்மா தெருவில் நின்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அது அரசுத் திட்டத்தின் பேர். அதை நாங்க வைத்துக்கொண்டது பொய் சொன்ன மாதிரிதான். அன்றைக்கே பலகையைக் கழற்றினோம்.

அடுத்து, பெயிண்டர் தம்பி சொன்னார் என்று ‘குளோபல் அகாடமி’ என்று எழுதினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் வகுப்புப் பையனுக்கு வாயில் நுழையவில்லை. ‘எங்கடா போறே?’ என்று கேட்டால் ‘அக்கா வீட்டுக்கு’ என்பான். அதைவிடப் பெரிய சங்கடம், பக்கத்து ஊரிலிருந்து ஒருத்தர் பத்தாவது படிக்கும் மகனைக் கணக்குக்குச் சேர்க்கக் கூட்டி வந்தார். எங்களிடம் ஐந்தாவது வரைதான் என்றதும், ‘அப்புறம் எதுக்கு அகாடமின்னு போட்டீங்க?’ என்று கேட்டுவிட்டுப் போனார். சைக்கிள் செலவும் சாயங்காலமும் அவருக்கு வீண்.

மூணாவது தடவை குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசினோம். நான்கு பேர்களை எழுதினோம். அடுத்த நாள் வகுப்பில் நாலையும் ஒரே ஒரு தடவை பிள்ளைகளிடம் வாசித்தோம். ‘ஞாபகம் வச்சுக்கோங்க’ன்னு சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டு, எது நினைவிருக்கு என்று கேட்டோம். சேர்த்துக் கேட்டால் ஒருத்தன் சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள். 14 பிள்ளைகளில் 11 பேர் சொன்னது ‘வாய்க்கால்கரைத் திண்ணை வகுப்பு’. ‘அறிவொளி’ என்று வைக்கலாம் என்றது நான்தான். அதை இரண்டு பேர்தான் சொன்னார்கள்.

காரணம் பிறகு புரிந்தது. வாய்க்காலும் திண்ணையும் பிள்ளைகள் தினம் பார்ப்பது. பெரியவர்களுக்கோ, அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. முக்கியமாக, அந்தப் பேரில் உள்ளதை எந்த அம்மாவும் வந்து கண்ணால் சரிபார்க்கலாம். வாய்க்கால்கரை இருக்கிறதா, இருக்கிறது. திண்ணை இருக்கிறதா, இருக்கிறது. தெருவிலிருந்தே பிள்ளை தெரிகிறதா, தெரிகிறது. ‘முதல் மார்க்’, ‘நம்பர் ஒன்’ என்று வைத்தால் எதைக் காட்டி நிரூபிப்போம்?

பேருக்குக் கீழே நாலு விஷயம் எழுதினோம்: 1 முதல் 5ஆம் வகுப்பு வரை, மாலை 5.30 முதல் 7 மணி வரை, மாதம் 100 ரூபாய், சொல்லிக்கொடுப்பவர் பேரும் படிப்பும். அதற்குப் பிறகு காசு பற்றி ஒரு சண்டையும் வரவில்லை.

இந்தப் பேரிலும் ஒரு குறை உண்டு. நாளைக்கு இடம் மாறினால் பேரையும் மாத்தணும். மழைக்காலத்தில் சாரல் அடிக்கும்போது உள்ளே கூடத்தில்தான் உட்கார வைக்கிறோம். ‘திண்ணை வகுப்பு கூடத்துக்கு வந்துடுச்சா?’ என்று பிள்ளைகளே கேலி செய்கிறார்கள்.

நீங்க பேர் வைக்கும்போது முதலில் உங்க தெருவிலேயே சின்னப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்க. அது திக்காமல் சொன்னால் பெயிண்டரைக் கூப்பிடுங்க.