முதல் பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்?

அரூரில் புதிதாகக் கடை திறந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. உங்ககிட்ட ஜிஎஸ்டி எண் இருக்கா? இல்லையென்றால் பில்லில் வரி என்று ஒரு வரிகூட எழுதக் கூடாது, வசூலிக்கவும் கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும் தனியாக வரி வாங்க முடியாது. அவர்கள் கொடுப்பது 'பில் ஆஃப் சப்ளை'. இனி சொல்வது சாதாரண முறையில் பதிவு செய்தவர்களுக்கு.

உங்கள் கடையில் பிவிசி பைப் விற்பதாக வைத்துக்கொள்வோம். வாங்க வந்தவர் ஊத்தங்கரையில் ஜிஎஸ்டி பதிவுள்ள ஒரு கான்ட்ராக்டர். பில்லின் மேலே உங்கள் கடைப் பெயர், முகவரி, 15 இலக்க ஜிஎஸ்டி எண். அடுத்து தேதியும் பில் எண்ணும். `HR/26-27/001` என்று ஆரம்பித்து வரிசை விடாமல் போகணும், மொத்தம் 16 எழுத்துக்குள் இருக்கணும்.

கீழே வாங்குபவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண். இங்கேதான் ரொம்ப கவனம் வேணும். ஒரு எழுத்து மாறினாலும், நீங்கள் ரிட்டர்ன் போட்ட பிறகு அந்தப் பில் அவர் கணக்கில் வராது. அவர் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாமல், மறுபடி உங்கள் கடைக்குத்தான் வந்து நிற்பார். அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதாதீங்க. போனில் gst.gov.in திறந்து `Search Taxpayer` பகுதியில் எண்ணைப் போட்டால் பெயர் வந்துவிடும், லாகின் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33-ல் தொடங்கும்.

இப்போ கணக்குக்கு வருவோம். பைப், எச்எஸ்என் 3917, 10 எண்ணம், ஒன்று 480 ரூபாய். ஆக 4,800. நீங்கள் 300 ரூபாய் தள்ளுபடி தருகிறீர்கள். அதை முதலில் கழியுங்கள். வரி போட வேண்டிய மதிப்பு 4,500. வரி 18 சதவீதம். அதைப் பாதியாகப் பிரித்து மத்திய வரி 9 சதவீதம் 405, மாநில வரி 9 சதவீதம் 405 என்று தனித்தனியாக எழுதணும். மொத்தம் 5,310 ரூபாய். 'வரி உட்பட' என்று மொத்தத்தை மட்டும் எழுதினால் அவருக்கு அது பயன்படாது.

சிலர் 4,800-க்கு வரி போட்டுவிட்டு கடைசியில் 300 கழிப்பார்கள். அப்படிச் செய்தால் 5,364 வரும். வாங்குபவர் 54 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதே பைப்பை கர்நாடகாவில் ஆனேக்கல்லுக்கு அனுப்பினால் பிரிவினை மாறும். அப்போது 9, 9 கிடையாது. ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 810 ரூபாய், ஒரே வரியாக. பொருள் போய்ச் சேரும் மாநிலத்தின் பெயரையும் எழுதணும். மொத்தம் என்னவோ அதே 5,310தான்.

கடைசியில் உங்கள் கையெழுத்து. எழுதும்போது பில் கெட்டுப்போனால் கிழித்துப் போடாதீங்க. 'ரத்து' என்று எழுதி புத்தகத்திலேயே வைத்துவிட்டு அடுத்த எண்ணில் புதுப் பில் போடுங்க. ரத்தான பில்கள் எத்தனை என்பதையும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் காட்ட வேண்டியிருக்கும்.