வட்டி குறைக்கக் கோரும் கடிதம்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுக் கடனை ஒழுங்காகக் கட்டி வருகிறேன். புதிதாகக் கடன் வாங்குகிறவனுக்கு என்னைவிடக் குறைந்த வட்டி. இது நியாயமா?" என்றார். நியாயமா என்பதற்கு நான் விடை சொல்லவில்லை. பாங்கிக்கு எழுதிக் கேட்டீரா என்று வினவினேன். கேட்கவில்லை என்றார். அவருக்காக நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதிய கடிதத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நம் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனுக்கு இவ்விதக் கடிதம் பயன்படாது. அதன் வட்டியும், தவணை தவறாதவருக்குரிய சலுகையும் சர்க்கார் உத்தரவினால் நிர்ணயிக்கப்படுபவை. காரியதரிசி மனம் வைத்தாலும் மாற்ற இயலாது. அங்கே செய்யக்கூடியது கெடு தேதிக்குள் கட்டுவது ஒன்றுதான். வர்த்தக பாங்கியில் மாறும் வட்டிக்கு வாங்கி நடந்துவரும் கடனுக்கே இக்கடிதம் உரியது. நிலையான வட்டிக்கு எழுதிக் கொடுத்த கடனாயின் ஒப்பந்தம் முடியும்வரை பாங்கி பெரும்பாலும் அசையாது.

அவருடைய கணக்கு இது. 2018-ஆம் ஆண்டில் பன்னிரண்டு லட்சம் ரூபாய், இருபது ஆண்டுக் கெடுவுக்கு வாங்கினார். 2025 ஏப்ரல் முடிய 84 தவணைகள் கட்டியாயிற்று. மாதத் தவணை ரூ. 10,442. நின்ற அசல் பத்து லட்சம். வட்டி 9.50 சதவிகிதம். இருபது ஆண்டென்றால் 240 தவணைகள். 84 போக 156 மீதியிருக்க வேண்டும். பாங்கியின் தாளிலோ 180 என்றிருந்தது. அவர் திடுக்கிட்டார். 2022-ஆம் ஆண்டு முதல் வட்டி ஏறியபோது பாங்கி தவணைத் தொகையை உயர்த்தாமல் கெடுவை நீட்டிவிட்டது. மாதத் தொகை மாறாததால் அவர் கவனிக்கவில்லை. உங்களில் பலருடைய தாளிலும் இப்படி இருக்கலாம்; இன்றிரவே பாருங்கள்.

இனிக் கடிதத்திற்கு வருவோம். நாணயமாகக் கட்டினேன் என்று வெறுமே எழுதினால் மானேஜர் புன்னகை செய்து கோப்பில் வைத்துவிடுவார். அவர் கையில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. ஆகவே நாம் சொல்லும் சொல் அக்கணக்கோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எழுதுமுன் கடன் கணக்கின் ஏழாண்டுப் பிரதி ஒன்றை வாங்கினோம். கடன் தகவல் கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையையும் எடுத்தோம். "ஒரு தவணைகூடத் தவறவில்லை" என்று அவர் சத்தியம் செய்திருந்தார். பிரதியில் 2021 ஜூலை மாதத் தவணை நான்கு நாள் பிந்தியிருந்தது. சேமிப்புக் கணக்கில் பணம் போதாமல் உத்தரவு திரும்பி வந்து, அதற்குரிய அபராதமும் பிடிக்கப்பட்டிருந்தது. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. மறைத்துவிடலாமா என்றார். கூடாது என்றேன். மானேஜர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒன்றை மறைத்தவன் மற்ற 83-ஐயும் மிகைப்படுத்தியிருப்பான் என்று எண்ணுவார். அனுப்பிய கடிதத்தின் உடல் வருமாறு:

"ஐயா, தங்கள் கிளையில் 2018-இல் நான் பெற்ற வீட்டுக் கடனில் இதுவரை 84 தவணைகள் செலுத்தியுள்ளேன். அவற்றுள் 83 உரிய தேதியிலும், 2021 ஜூலைத் தவணை நான்கு நாள் தாமதமாகவும் செலுத்தப்பட்டன. அதற்குரிய அபராதத்தையும் அப்போதே செலுத்தினேன். தற்போது பாக்கி எதுவும் இல்லை. என் கடனுக்கு வட்டி 9.50 சதவிகிதம். தங்கள் கிளையில் இதே வகைக் கடனைப் புதிதாகப் பெறுவோருக்கு 8.50 சதவிகிதம் என அறிகிறேன். ஆகவே என் கடனை ரிப்போ விகிதத்தோடு இணைந்த வட்டிக்கு மாற்றித் தரும்படியும், என் தவணை வரலாற்றைக் கருதி, புதியவருக்குரிய விகிதத்திற்கு மேற்படாமல் நிர்ணயிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். இதற்கான செலவு எவ்வளவு என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன். கணக்குப் பிரதியும் கடன் தகவல் அறிக்கையும் இணைத்துள்ளேன்."

இதில் இரண்டு கோரிக்கைகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, வட்டி முறையை மாற்றுதல். ரிசர்வ் பாங்கியின் 2019-ஆம் ஆண்டு உத்தரவுப்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் வர்த்தக பாங்கிகள் மாறும் வட்டியில் கொடுக்கும் புதிய வீட்டுக் கடன்களை ரிப்போ போன்ற ஒரு வெளி விகிதத்தோடு இணைக்க வேண்டும். முந்திக் கடன் பெற்றவரில், அபராதமின்றி முன்கூட்டிக் கட்டித் தீர்க்க உரிமையுள்ளவர் கேட்டால், நியாயமான நிர்வாக, சட்டச் செலவு மட்டும் பெற்றுக்கொண்டு மாற்றித் தர வேண்டும். இது உரிமை. மற்றொன்று, அவ்வெளி விகிதத்தின் மேல் பாங்கி தனக்கென்று கூட்டிக்கொள்ளும் பங்கு. இது பெரும்பாலும் பாங்கியின் இஷ்டம். நம் நல்ல வரலாறு வேலை செய்வது இந்த இடத்தில்தான். இரண்டையும் கலந்து எழுதினால் உரிமையும் தயவைப்போல் தோன்றிவிடும்.

வேறு பாங்கிக்குக் கடனை மாற்றிவிடுவேன் என்ற மிரட்டலை நாங்கள் எழுதவில்லை. தனிமனிதருடைய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டித் தீர்க்க அபராதம் வாங்கக்கூடாது என்பது மானேஜருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கடிதத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் பெற்று வந்தார். இது அவசியம். முப்பது நாளில் பதில் இல்லையெனில் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்; அப்போது இந்த முத்திரையே சாட்சி. ஆனால் மாற்றித் தர மறுத்தால் முறையிடலாமே தவிர, தன் பங்கைக் குறைக்கவில்லை என்பதற்காக மட்டும் முறையிட்டுப் பெரும்பாலும் பயனில்லை.

மூன்றாவது வாரத்தில் பதில் வந்தது. ஆவணச் செலவோடு ரிப்போவுக்கு மாற்றினார்கள். அப்போது ரிப்போ 6.00 சதவிகிதம், அதன்மேல் 2.50 கூட்டி 8.50 ஆயிற்று. அவர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். பதிலை வாங்கிப் படித்தேன். தவணை ரூ. 9,847, மீதி 180 மாதம் என்றிருந்தது. கெடு அப்படியே நின்றுவிட்டது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 8.50 சதவிகிதமே நீடிப்பதாக வைத்துக்கொள்வோம். தவணையைக் குறைத்துக்கொண்டால் மாதம் 595 ரூபாய் மிச்சம். 180 மாதங்களில் ஏறக்குறைய ஒரு லட்சத்து ஏழாயிரம். பழைய 10,442 ரூபாயையே கட்டி வந்தாலோ, கடன் 161 மாதங்களில் தீர்ந்துவிடும். மிச்சம் சுமார் இரண்டு லட்சம். வட்டி அதே வட்டிதான். கையில் அந்த 595 ரூபாய் இல்லாமல் குடும்பம் நடவாது என்பவர் குறைந்த தவணையையே ஏற்கலாம், தவறில்லை. இவர் ஏழாண்டாக 10,442 கட்டிப் பழகியவர். ஆகவே, தவணைத் தொகையை மாற்றாமல் கெடுவைக் குறைக்குமாறு இரண்டு வரியில் மற்றொரு கடிதம் எழுதினோம். அதற்கு ஒரு வாரத்தில் திருத்திய அட்டவணை வந்தது.

ரிப்போவோடு இணைந்த வட்டி இறங்குவதைப்போல ஏறவும் செய்யும். 2025 ஜூனில் ரிப்போ 5.50-க்கும், டிசம்பரில் 5.25-க்கும் இறங்கியது, இவருடைய வட்டியும் கூடவே இறங்கியது. மீண்டும் ஏறுமானால் மூன்று மாதத்திற்குள் இவருக்கும் ஏறும். அப்போது பாங்கி பழையபடி கெடுவை நீட்டிவிடக்கூடும். ஆகையால் ஆண்டுக்கொரு முறை கணக்குப் பிரதி வாங்கி, மீதி மாதங்கள் என்ற கட்டத்தில் உள்ள எண்ணைச் சென்ற ஆண்டு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் மறுபடியும் எழுத வேண்டும்.