தோள் பாரமும் ஊர் வாயும்



எனக்குக் கொடுத்த தலைப்பு அழகுக்காகச் செய்யும் ஆபரேஷன். "இது சினிமாக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று ரெண்டு பேர் இப்பவே சிரிக்கிறீங்க. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகத்தைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் இலவசமாக ஆபரேஷன் செய்யப்படும் என்று அரசே அறிவித்தது. ஏழைகளுக்கு மட்டும் இது ஏன் கிடைக்கக் கூடாது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் கேட்டார். உயிர் காக்கும் வைத்தியத்துக்கே காசு பத்தாதபோது இது தேவையா என்று எதிர்த்துக் கேட்டவர்களும் உண்டு. அந்த வழக்கை நான் தீர்க்க வரவில்லை. இலவசம் என்று ஆன பிறகு 'செய்யலாமா வேண்டாமா' என்ற கேள்வி நம்ம வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. அதை எப்படி யோசிக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் குழுவிலேயே ஒரே வருஷத்தில் ரெண்டு பேர் இதற்காகக் கேட்டு வந்தார்கள். பேர் சொல்லாமல் சொல்ல ரெண்டு பேருமே சம்மதித்தார்கள்.

முதலாமவர் 43 வயது அக்கா. மார்பு கனம் அவருக்கு. கழுத்து வலி, முதுகு வலி. உள்ளாடைப் பட்டை அழுத்தி ரெண்டு தோளிலும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம். வெயில் காலத்தில் மார்புக்குக் கீழே வேர்வை தங்கிப் புண். நடவுக்குக் குனிந்தால் நிமிர முடியாது. பத்து வருஷமாகத் தைலம் தேய்த்தே காலம் தள்ளினார். ஆபரேஷன் என்றதும் அவர் மாமியார், "பேரன் எடுக்கிற வயசுல அழகு கேக்குதா?" என்றார். அதோடு அக்கா வாயை மூடிக்கொண்டார்.

ரெண்டாவது, இன்னொரு உறுப்பினரின் 21 வயது மகள். பெண் பார்க்க வந்தவர்கள் போகும்போது, "பொண்ணு ரொம்ப ஒல்லி, தட்டையா இருக்கு" என்று தரகரிடம் சொல்லிவிட்டார்கள். அம்மா உள்கடன் கேட்டு வந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் சீக்கிரம் முடித்து, அடுத்த முகூர்த்தத்துக்குள் தயாராக வேண்டுமாம்.

முதலில் அக்காவைக் கூட்டிக்கொண்டு சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மா உடனே கத்தியைப் பற்றிப் பேசவில்லை. எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்தார். நாற்பது தாண்டியதால் மார்பகத்துக்கு மேமோகிராம் எடுக்கச் சொன்னார். கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே பேச்சு. எடை கொஞ்சம் குறைத்துவிட்டு வாங்க என்றார். ஏனென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் மார்பின் அளவும் மாறிப்போகும்.

பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். முழு மயக்கம் கொடுத்து, மூணு நாலு மணி நேரம். கூடுதல் சதையையும் தோலையும் எடுத்து, காம்பை மேலே நகர்த்தித் தைப்பார்கள். ஒரு பக்கத்தில் அரை கிலோ எடுப்பது சாதாரணம். காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே, பிறகு மார்பின் அடி மடிப்பு நெடுக என்று தழும்பு இருக்கும். ஒரு வருஷத்தில் மங்கும், மறையாது. ரெண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி ஒரே அளவாக வராது. காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குப் போயே போகலாம். இனிமேல் பிள்ளை பெறுகிறவர்களுக்குப் பால் குறையலாம். ரத்தம் கட்டலாம், சீழ் வைக்கலாம். தையல்கள் சேருமிடம் ஆற நாள் ஆகும், சர்க்கரை இருந்தால் இன்னும் இழுக்கும். காலில் ரத்தம் உறையாமல் இருக்க, சீக்கிரமே எழுந்து நடக்க வைப்பார்கள். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, களத்து வேலை கூடாது.

அந்த ஆறு வாரம்தான் அக்காவுக்குப் பெரிய கணக்கு. ஆபரேஷன் இலவசம். ஆனால் ஆறு வாரக் கூலி? வீட்டில் தண்ணி தூக்குவது யார்? நடவு முடிந்து, வேலை குறைவான மாசத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். மாமியாரையே அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போனார். தோளில் இருக்கும் பள்ளத்தை டாக்டர் தொட்டுக் காட்டிய பிறகு அந்தம்மா ஒன்றும் பேசவில்லை. ஆபரேஷன் நடந்தது. ஒரு பக்கத் தையல் கொஞ்சம் பிரிந்து, கட்டு மாற்ற நடையாய் நடந்தோம். தழும்பு இருக்கிறது. தோள் வலி பெரும்பாலும் போய்விட்டது. கழுத்து வலி கொஞ்சம் மிச்சம். "நான் கேட்டது தோளுக்குத்தானே" என்கிறார்.

இப்போது அந்தப் பெண்ணின் கதை. பெரிதாக்குவதற்கு உள்ளே சிலிகான் பை வைப்பார்கள். அது ஆயுள் முழுக்க உழைக்கும் பொருள் இல்லை. அதைச் சுற்றி உடம்பு கட்டும் சவ்வு இறுகி மார்பு கல் மாதிரி ஆகலாம். பை கிழியலாம், கிழிந்தது வெளியே தெரியாமலும் இருக்கலாம். அதனால் அவ்வப்போது பரிசோதனை வேண்டும். பத்துப் பதினைந்து வருஷத்தில் பலருக்கு மறுபடியும் ஆபரேஷன் தேவைப்படும். 21 வயதில் வைத்தால் வாழ்நாளில் எத்தனை முறை? கடன் முதல் ஆபரேஷனுக்குத்தான் கேட்கிறார்கள், மற்றதுக்கு யார் கொடுப்பது? இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னோம்.

பெண்ணைத் தனியாக உட்கார வைத்து ஒன்றே ஒன்று கேட்டேன். "அவங்க வந்து பார்க்கறதுக்கு முன்னாடி இது உனக்குக் குறையாத் தெரிஞ்சுதா?" கொஞ்ச நேரம் யோசித்தது. "இல்ல அத்தை. அவங்க போன அப்புறம்தான் கண்ணாடி பார்க்கவே பிடிக்கலை" என்றது.

அங்கேதான் வித்தியாசம். அக்காவின் பாரம் அவர் தோளில் இருந்தது, கத்தியால் இறக்க முடிந்தது. இந்தப் பெண்ணின் பாரம் அடுத்தவர் வாயில் இருக்கிறது. இன்றைக்கு மார்பு என்றவர்கள் நாளைக்கு நிறம் என்பார்கள், பல் என்பார்கள். ஆனால் வயசுக்கு வந்த நாளிலிருந்து ரெண்டு மார்பும் வெவ்வேறு அளவாக இருந்து, ஆள் கூட்டத்துக்கே போகாமல் கூனிக்குறுகும் பெண்களும் உண்டு. அவர்களுக்குச் சதை வலி இல்லாவிட்டாலும் அது நிஜமான காரணம்தான். ஆகவே வலி இருந்தால் சரி, அழகு என்றால் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆசை யாருடையது, எத்தனை நாளாக இருக்கிறது என்று பாருங்கள். முகூர்த்தத் தேதி பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அந்தப் பெண் ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறது. அப்போதும் வேண்டும் என்றால் நானே கூடப் போவேன்.

இடம் பார்ப்பது கடைசி விஷயம், ஆனால் உயிர் விஷயம். 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட டி.வி. நடிகை ஒருவர், 21 வயசு, தனியார் கிளினிக்கில் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் போய் இறந்துபோனார். 'அழகு நிலையம்' என்ற போர்டைப் பார்த்துப் படுக்காதீர்கள். டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா? மயக்க மருந்துக்குத் தனி டாக்டர் இருப்பாரா? மோசமானால் அதே இடத்தில் ஐ.சி.யூ. உண்டா? மூன்றையும் வாய்விட்டுக் கேளுங்கள். "இன்னைக்கே பணம் கட்டினா தள்ளுபடி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தக் கடன் மனுவை எங்கள் குழு நிராகரிக்கவில்லை. 'மகள் தானே வந்து கேட்கும்போது பார்க்கலாம்' என்று தீர்மான நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.